முகவரியை எடுத்த பிறகும் பதிவில் என்ன கசிகிறது?

*"மகளின் பிறந்தநாள் பற்றி ஃபேஸ்புக்கில் போட்டிருந்தேன். முகவரியும் தேதியும் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் திட்டியதால், எடிட் செய்து, படத்தில் அவள் முகத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது இப்படி இருக்கிறது: 'எங்க குட்டிக்கு இன்னைக்கு அஞ்சு வயசு! பிள்ளையார் கோவில் எதிரே நம்ம வீட்டு மாடியில் கேக் வெட்டினோம். ராத்திரி பாண்டியனில் குலதெய்வம் கோவிலுக்குக் கிளம்பறோம். இனி ஸ்கூல் திறக்கறப்பதான் சென்னை.' இது போதுமா? எப்படிச் சரிபார்ப்பது?" – வாசகி, சென்னை*

போதாது. முதல் காரணம், நீங்கள் எழுதியதைவிட எழுதிய இடத்தில் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் ஒரு பதிவை எடிட் செய்தால் பழைய வாசகம் அழிந்துவிடாது. பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு View edit history என்பதைத் திறந்தால், நீங்கள் எடுத்த முகவரி அப்படியே இருக்கும். பதிவைப் பார்க்க முடிகிற யாரும் அதையும் பார்க்கலாம். அதனால் இந்தப் பதிவை மொத்தமாக நீக்கிவிட்டு, புதிதாகத்தான் போட வேண்டும்.

இனி வாசகத்துக்கு வருவோம். "முகவரி இருக்கிறதா, தேதி இருக்கிறதா" என்று தேடினால் இல்லை என்றுதான் தோன்றும். தேட வேண்டிய விதம் வேறு. உங்களைத் தெரியாத ஒருவர், இந்தப் பதிவையும் உங்கள் ப்ரொஃபைலையும் மட்டும் வைத்து மூன்று கேள்விக்கு விடை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தை யார், வீடு எங்கே, வீடு எப்போது பூட்டிக் கிடக்கும்?

"இன்னைக்கு அஞ்சு வயசு" என்பதோடு பதிவின் மேல் ஃபேஸ்புக் தானாகப் போடும் தேதியைச் சேர்த்தால் பிறந்த நாள், மாதம், வருடம் மூன்றும் கிடைத்துவிடும். கேக்கில் முழுப்பெயர் எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். "ராத்திரி பாண்டியனில்" என்றால் இன்றிரவு எழும்பூரிலிருந்து மதுரைப் பக்கம் கிளம்புகிறீர்கள். பள்ளி திறக்கும் நாள் செய்தித்தாளிலேயே வரும். ஆக, எத்தனை நாள் வீட்டில் ஆள் இருக்காது என்பதும் தெரிந்துவிட்டது. சென்னையில் பிள்ளையார் கோவிலுக்குப் பஞ்சமில்லை, அதை மட்டும் வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் படத்தில் மாடிக்குப் பின்னால் ஒரு கடையின் போர்டு தெரிந்தால் முடியும்.

அதனால் படத்தை விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பாருங்கள். முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியை முதலில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நம் கண் தானாக அங்கே போகாது. வண்டி நம்பர், கதவு எண், காயும் சீருடை, அதில் பள்ளியின் பேட்ஜ், கண்ணாடியிலும் டிவி திரையிலும் விழும் பிம்பம். டிக்கெட்டைப் படமெடுத்துப் போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பத்து இலக்க பி.என்.ஆரை வைத்தே ரயில், தேதி, ஏறும் நிலையம், பெட்டி எல்லாம் பார்த்துவிடலாம்.

ஸ்டிக்கர் முகத்தை முழுதாக மறைத்தால் சரிதான். ஹைலைட்டர் மாதிரி பாதி ஊடுருவித் தெரியும் பேனாவால் தீட்டியிருந்தால், வெளிச்சத்தைக் கூட்டியதும் முகம் வந்துவிடும். இன்னொன்று, ஒரே பதிவில் நாலு படம் போடும்போது முதல் படத்தில் மட்டும் மறைத்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவார்கள். போன வருடப் பிறந்தநாள் படம் முகத்தோடு ப்ரொஃபைலில் இருந்தால் ஸ்டிக்கரால் பயனே இல்லை. அதே தேதி அங்கேயும் இருக்கும். குழந்தையின் பெயரைப் போட்டு உங்கள் ப்ரொஃபைலுக்குள்ளேயே தேடி, பழைய பதிவுகளையும் பாருங்கள்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜி.பி.எஸ். இடக்குறிப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் அதிகம் கவலை வேண்டாம், மற்றவர்கள் பார்க்கும் படத்திலிருந்து அது நீக்கப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலும் அப்படித்தான். தெளிவாக இருக்கட்டும் என்று அதையே டாகுமெண்டாகக் குடும்ப குரூப்பில் அனுப்பினால் இடக்குறிப்பும் கூடவே போகும்.

மாற்றி எழுதினால் இப்படி இருக்கலாம்: "எங்க குட்டியின் பிறந்தநாளைக் கொண்டாடிட்டு, குலதெய்வத்தையும் கும்பிட்டு வந்தோம்." ஊர் திரும்பி சில நாள் கழித்துப் போடுங்கள். வயது வேண்டாம், "இன்று", "நாளை" வேண்டாம்.

போட்ட பிறகு கமெண்டுகளையும் கவனியுங்கள். "நம்ம வேளச்சேரி வீட்டு மாடிதானே?" என்று சித்தி அன்போடு கேட்பார். மற்றவர் எழுதிய கமெண்டை உங்கள் பதிவிலிருந்து நீங்களே நீக்கலாம். நீக்கிவிட்டு, போனில் கூப்பிட்டுப் பதில் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.