பருப்பு வேகவில்லை என்று பழகிய கடையில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் 20 வருடமாகக் கணக்கு நோட்டு வைத்து வாங்குகிறோம். பெரியவர் ஊரோடு போய்விட்டார், இப்போது மகன் பார்க்கிறார். நாலைந்து மாதமாகத் துவரம் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. உளுந்து மாவு பொங்குவதில்லை. கவர்களைத் தூக்கினாலே எடை குறைவாகத் தெரிகிறது. போன மாதம் தேதி முடிந்த ரவை பாக்கெட் வந்தது. கடைப்பையனிடம் சொன்னேன், தலையாட்டிவிட்டுப் போனான். "ஊரடங்கில் பணம் கேட்காமல் சாமான் கொடுத்தவர்கள், அவர்களிடம் போய்க் குறை சொல்வதா?" என்கிறார் அம்மா. சண்டை இல்லாமல், ஆனால் காரியம் நடக்கும்படி எப்படிப் பேசுவது?

ர., சென்னை

அன்புள்ள ர.,

அம்மாவின் தயக்கம் நியாயமானது. ஆனால் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேளுங்கள். இன்னும் இரண்டு மாதம் பொறுப்பீர்கள், பிறகு மெதுவாக வேறு கடைக்கு மாறிவிடுவீர்கள். பழைய வாடிக்கை ஏன் நின்றது என்று பெரியவரின் மகனுக்குக் கடைசிவரை தெரியாது. உதவி செய்த குடும்பத்துக்கு நாம் செய்யக்கூடாதது அதுதான் என்று நினைக்கிறேன்.

பேசப் போகும் முன் உங்கள் பக்கம் உறுதியாக இருக்கட்டும். பருப்பு வேகாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சரக்கு பழசு. மற்றது தண்ணீர். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக இருந்தால் புதுப் பருப்பும் எத்தனை விசில் வைத்தாலும் கரையாமல் முழுசாக நிற்கும். கோடையில் குழாய்த் தண்ணீர் குறைந்து போருக்கு மாறிய வீடுகளில் இது சாதாரணம். வேறு கடையில் கால் கிலோ வாங்கி, இரண்டு பருப்பையும் ஒரே தண்ணீரில், ஒரே குக்கரில் தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். அது வெந்து இது வேகவில்லை என்றால் மட்டும் கடையில் பேசுங்கள். உளுந்தையும் இப்படியே இரண்டு கடைச் சரக்கை ஒரே அளவு ஊறவைத்து அரைத்துப் பார்க்கலாம். பழைய உளுந்து மாவு காணாது.

எடைக்கும் இதே கவனம் வேண்டும். கையால் தூக்கிப் பார்த்ததைக் கடையில் சொல்ல முடியாது. வீட்டுத் தராசில் முதலில் பிரிக்காத 1 கிலோ சர்க்கரை பாக்கெட்டை வையுங்கள். கவரோடு சேர்த்து 1 கிலோவுக்குச் சில கிராம் கூடக் காட்ட வேண்டும். குறைத்துக் காட்டினால் முதலில் உங்கள் தராசைச் சந்தேகப்படுங்கள். தராசு சரி என்று தெரிந்த பிறகு, கடைக் கவர்களைப் பிரிக்காமல் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 2 கிலோ பருப்பில் 100 கிராம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 160 ரூபாய் என்றால் 16 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் இனி நீங்கள் சொல்வது சந்தேகம் இல்லை.

அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். முன்பு நம் கண் முன்னால் கல்லாவில் நிறுத்துக் கட்டினார்கள். இப்போது பல கடைகளில் மூட்டை பிரித்ததும் பையன்கள் பின்கட்டில் உட்கார்ந்து கவர் போட்டு வைத்துவிடுகிறார்கள். அவசரத்தில் எடை தப்பும். தெருவே சூப்பர் மார்க்கெட்டுக்கும் செயலிக்கும் போய்விட்ட இடத்தில் ஒரு மூட்டை தீர முன்னைவிட நாளாகும், சரக்கு பழசாகும், ரவையின் தேதியும் தாண்டும். நீங்கள் கேட்கப்போவது இந்த இரண்டும் மாற வேண்டும் என்பதைத்தான்.

அடுத்து, நோட்டில் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். பாக்கியை வைத்துக்கொண்டு குறை சொன்னால் பணம் தராமல் இழுக்கிறார்கள் என்றுதான் கடைக்காரர் காதில் விழும். பணத்தைக் கொடுத்து, நோட்டில் வரவு எழுதிய பிறகு அதே நாளில் பேசக்கூடாது என்றில்லை. அதுவே நல்ல சமயம். மற்றபடி காலையில் போணி ஆகும் முன் போகாதீர்கள். மாத முதல் வாரமும் வேண்டாம், சாயங்காலமும் வேண்டாம். மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் கடை காலியாக இருக்கும். பையனிடம் அல்ல, கல்லாவில் இருக்கும் மகனிடம், வேறு ஆள் இல்லாதபோது பேசுங்கள். உங்களைவிட இளையவர் என்றால் இப்படிப் பேசலாம்:

"தம்பி, ஊரடங்குல உங்க அப்பா எங்களுக்குச் செஞ்சதை நாங்க மறக்கல. அதனாலதான் வேற கடைக்குப் போகாம உங்ககிட்டயே சொல்றேன். ரெண்டு விஷயம். துவரம் பருப்பை வேற கடைப் பருப்போட சேர்த்து வெச்சுப் பார்த்தேன், நம்ம கடைது வேகல. மீதி ஒன்றரைக் கிலோ இதோ இருக்கு, மாத்திக் குடுங்க. இன்னொண்ணு, 2 கிலோவில 100 கிராம் குறையுது. இனிமே எங்க வீட்டுச் சாமானை மட்டும் கல்லாவில நிறுத்து அனுப்புங்க, நேரமானாலும் பரவாயில்ல."

இதில் சேர்க்கக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "உங்க அப்பா இருந்தப்போ இப்படி இல்ல." புதிதாகப் பொறுப்பேற்ற பையன் அந்தப் பேச்சைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பான். அதைச் சொன்ன மறுகணம் அவன் பருப்பை விட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பான். அப்பாவின் உதவியை நன்றிக்கு மட்டும் எடுங்கள். விலைப் பேச்சையும் இதில் கலக்காதீர்கள். செயலியில் நாலு ரூபாய் குறைவு என்று ஆரம்பித்தால் எடையும் தரமும் பேரத்தில் அடிபட்டுப் போகும்.

"இந்தத் தடவை சரக்கே அப்படித்தான் வந்துச்சுக்கா, எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாங்க" என்று அவர் சொல்லக்கூடும். வாதாட வேண்டாம். "சரி தம்பி, இந்த மூட்டை முடியற வரைக்கும் எனக்குத் துவரம் பருப்பு வேணாம். புதுசு வந்ததும் சொல்லுங்க" என்று சொல்லி, சொன்னபடியே லிஸ்டில் அதை எழுதாமல் விடுங்கள். குரலை உயர்த்துவதைவிட இது அவருக்கு நன்றாகப் புரியும். அவர் ஒத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தால், அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: "பருப்பு மாற்றிக் கொடுத்ததற்கு நன்றி. அடுத்த லிஸ்டிலிருந்து கல்லாவில் நிறுத்து அனுப்புவதாகச் சொன்னீர்கள், நினைவிருக்கட்டும்." வேலை பையன் கைக்குப் போனாலும் எழுத்து இருக்கும்.

ரவை விஷயம் வேறு. தேதி முடிந்த பாக்கெட்டை மாதக் கடைசிப் பேச்சுக்கு வைக்கக் கூடாது. தேதியையும் பேட்ச் எண்ணையும் படம் எடுத்து, அன்றே திருப்பிக் கொடுத்து, நோட்டில் அடித்துவிடச் சொல்லுங்கள். "அலமாரியில மத்ததையும் பாருங்க தம்பி, குழந்தைங்க சாப்பிடறது" என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மாதச் சாமான் பாருங்கள். பருப்பு மட்டும் சரியாகவில்லை என்றால் உதிரிச் சாமானை வேறிடத்தில் வாங்கிக்கொண்டு, எண்ணெய், சோப்பு, பாக்கெட் சாமானை அவரிடமே தொடரலாம். அதையும் அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஆனால் கேட்டுக்கொண்ட பிறகும் எடை குறைந்தால் அதை அவசரம் என்று மன்னிக்க முடியாது. கடை மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இவற்றை முதல் பேச்சில் வாயிலெடுக்க வேண்டாம். அந்த நிலை வந்தால் நோட்டை முடித்து, காரணத்தையும் அவரிடம் சொல்லிவிட்டு, பிறகு புகார் கொடுங்கள். அப்போது அம்மாவும் தடுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.