22,000 ரூபாய் வட்டிக்கு 22,880 ரூபாய் வரியா?

கேள்வி: 2025-26 நிதியாண்டில் என் மொத்தச் சம்பளம் 12,90,000 ரூபாய். புதிய வரித்திட்டத்தில் இருக்கிறேன். ஆபீஸில் 15,600 ரூபாய் வரி பிடித்துவிட்டார்கள். பிக்சட் டெபாசிட்டில் 22,000 ரூபாய் வட்டி வந்தது, வங்கி அதில் எதுவும் பிடிக்கவில்லை. ரிட்டர்ன் போடக் கொடுத்தால், இன்னும் 22,880 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறார்கள். வந்த வட்டியைவிட வரி அதிகமாக இருக்குமா? கணக்கில் எங்கோ தவறு இருக்கிறதா?

பதில்: கணக்கு சரிதான். உங்கள் வருமானம் 12 லட்சத்தை ஒட்டி, அதற்குச் சற்று மேலே நிற்கிறது. அந்தக் குறுகிய இடைவெளியில் மட்டும் இப்படி நடக்கும். ஆபீஸ் பிடித்த 15,600 எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிட்டால் மற்றது எளிதாகப் புரியும்.

சம்பளம் 12,90,000. இதில் நிலைக்கழிவு 75,000 போக 12,15,000 மிஞ்சும். புதிய திட்டத்தில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம், அது 40,000. 12 லட்சத்துக்கு மேலுள்ள 15,000 ரூபாய்க்கு 15 சதவீதம், 2,250. மொத்தம் 62,250. வருமானம் கூடக் கூட அதிக விகிதம் அந்தந்த அடுக்கில் விழும் பகுதிக்கு மட்டும்தான். 12 லட்சத்தைத் தாண்டியதற்காக முழுத் தொகைக்கும் 15 சதவீதம் போடுவதில்லை.

62,250 வர வேண்டிய இடத்தில் ஆபீஸ் ஏன் 15,600 மட்டும் பிடித்தது? '12 லட்சம் வரை வரி இல்லை' என்பது அடுக்கிலேயே இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சரியாக 12 லட்சம் வருமானம் உள்ளவருக்கும் கணக்குப்படி 60,000 ரூபாய் வரி வருகிறது. பிரிவு 87ஏ அந்த 60,000 முழுவதையும் தள்ளுபடி செய்துவிடுகிறது. வருமானம் 12 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினாலும் இந்தத் தள்ளுபடி கிடையாது. அப்படியே விட்டால் ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தவர் 60,000 கட்ட நேரும். அந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் மார்ஜினல் ரிலீஃப் வைத்திருக்கிறார்கள். 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வருமானம் இருக்கிறதோ, அதற்கு மேல் வரி போகக் கூடாது. உங்கள் சம்பளம் 12 லட்சத்தை 15,000 தாண்டியதால் வரி 15,000-இல் நின்றது. அதன்மேல் 4 சதவீத செஸ் 600 சேர்ந்து 15,600. ஆபீஸ் தனக்குத் தெரிந்தவரை சரியாகவே பிடித்திருக்கிறது.

இப்போது வட்டியைச் சேருங்கள். நிலைக்கழிவு சம்பளத்துக்கு மட்டுமே உரியது. வட்டியிலிருந்து எதுவும் கழியாது, 22,000-மும் அப்படியே ஏறும். வருமானம் 12,37,000 ஆகிறது. அடுக்குப்படி வரி 65,550. 12 லட்சத்தைத் தாண்டிய தொகை 37,000. இரண்டில் குறைந்தது 37,000 என்பதால் அதுதான் உங்கள் வரி. செஸ் 1,480 சேர்த்தால் 38,480. பிடித்த 15,600-ஐக் கழித்தால் 22,880 நிற்கிறது.

ரிலீஃப் வேலை செய்யும் இந்த இடத்தில், கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் முழுவதுமாக வரிக்குப் போகிறது. ரிலீஃபைக் கழித்த பிறகு மிஞ்சும் வரியின் மேல்தான் செஸ் கணக்கிடுவதால், ரூபாய்க்கு மேலும் 4 காசு போகிறது. அந்த 4 சதவீதம்தான் உங்கள் கணக்கில் 880 ரூபாயாக வந்து நிற்கிறது. வரி விதிக்கும் வருமானம் சுமார் 12,70,590-ஐ எட்டும்வரை இதே நிலைதான். அதற்கு மேல் அடுக்குப்படி வரும் வரியே குறைவாக இருப்பதால் ரிலீஃபுக்கு வேலை இல்லை, வழக்கமான 15 சதவீதத்துக்குத் திரும்பிவிடும். '12.75 லட்சம் வரை வரி இல்லை' என்று சொல்வதும் சம்பளத்தைத் தவிர வேறு வருமானமே இல்லாதவருக்குத்தான் பொருந்தும்.

வங்கி வரி பிடிக்காததால் வரி இல்லை என்று ஆகாது. ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000-ஐத் தாண்டினால்தான் அவர்கள் டிடிஎஸ் பிடிப்பார்கள். ஆனால் பிடிக்காத வட்டியையும் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கிறார்கள். துறையின் இணையதளத்தில் உங்கள் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்தால் அந்தத் தொகையைப் பார்க்கலாம். சேமிப்புக் கணக்கு வட்டியும் அங்கேயே இருக்கும். அதை மறந்துவிடாதீர்கள், உங்கள் நிலையில் அதுவும் ரூபாய்க்கு ரூபாய் போகும்.

உங்களிடம் சொன்ன 22,880-உடன் தண்ட வட்டியும் சேரும். டிடிஎஸ் போக மீதி வரி 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஆண்டுக்குள்ளேயே நான்கு தவணையாக முன்வரி கட்டியிருக்க வேண்டும். தவணை தவறியதற்குப் பிரிவு 234சி-யின்படி உங்களுக்குச் சுமார் 1,150 ரூபாய் வரும். 234பி-யின்படி ஏப்ரல் முதல் கட்டும் மாதம் வரை மாதம் 228 ரூபாய். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்குத்தான், எனவே இந்த மாத முடிவுக்குள் கட்டிவிடுங்கள். இணையதளத்தில் e-Pay Tax பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2026-27, வகை Self-Assessment Tax (300) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 2025-26 என்று போட்டால் பணம் முந்தைய ஆண்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். ரிட்டர்னில் பாக்கி அப்படியே நிற்கும்.

பழைய திட்டத்துக்கு மாறினால் குறையுமா என்று கேட்கத் தோன்றும். அங்கே நிலைக்கழிவு 50,000 மட்டும், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை நேராக 20 சதவீதம். இதே 38,480-க்கு இறங்க வேண்டுமானால் வரி விதிக்கும் வருமானம் 6,22,500 ஆக வேண்டும். உங்கள் 13,12,000-இலிருந்து மொத்தம் 6,89,500 கழிவு காட்ட வேண்டியிருக்கும். 80சி-யில் ஒன்றரை லட்சமும் வாடகைப்படியும் மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலானவர்கள் அங்கே போக முடியாது. பெரிய வீட்டுக் கடன் வட்டியும் அதிக வாடகையும் சேர்ந்து இருந்தால் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முடிந்த ஆண்டுக்கு இனிச் செய்ய வழியில்லை. இதே அடுக்குகள் இருக்கும்வரை, நடக்கும் ஆண்டுக்கு ஒரு வழி உண்டு. புதிய திட்டத்தில் 80சி செல்லாது, தொழில் வரிகூடக் கழியாது. ஆனால் முதலாளி உங்கள் பெயரில் என்பிஎஸ்-இல் போடும் தொகை, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை கழியும். நீங்களே கட்டினால் இந்தக் கழிவு வராது. சம்பள அமைப்பிலேயே மாற்றித் தர ஆபீஸ் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் 12,90,000-இலேயே 40,000 இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டியோடு சேர்த்து வருமானம் 11,97,000 ஆகிவிடும், வரி பூஜ்யம். கைக்கு வரும் சம்பளம் 40,000 குறையும், ஆனால் 38,480 வரி மிச்சமாவதால் உண்மையில் கைவிட்டுப் போவது 1,520 ரூபாய்தான். அந்தப் பணம் ஓய்வுக்காலம் வரை பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

அது முடியாவிட்டால், வட்டியை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆபீஸ் கணக்குப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். சம்பளத்தோடு சேர்த்து மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். வரி அதேதான், தண்ட வட்டி மட்டும் வராது.