ஓட்ஸின் வழுவழுப்பு குடலில் செய்யும் வேலை

கேள்வி: எனக்கு எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 148 என்று வந்ததால், இரண்டு மாதமாகத் தினமும் காலையில் 30 கிராம் ஓட்ஸைப் பாலில் காய்ச்சிச் சாப்பிடுகிறேன். மாலையில் ஓட்ஸ் கலந்த ரொட்டி இரண்டு துண்டு. மறுபரிசோதனையில் 145 தான் வந்தது. ஓட்ஸ் வயிற்றுக்குள் ஜெல்லாக மாறிக் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்களே, அது உண்மைதானா? நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: முதல் தவறு அளவில் இருக்கிறது. ஓட்ஸில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருள் பீட்டா குளூக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து. சாதாரணத் தட்டை ஓட்ஸில் அது நூறு கிராமுக்கு ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் 30 கிராம் ஓட்ஸ் தருவது 1.2 கிராம். பலன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டும் அளவு நாளொன்றுக்கு 3 கிராம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997-இல் ஓட்ஸ் பொட்டலங்களில் இதய நலன் பற்றிய வாசகத்தை அச்சிட அனுமதித்தபோது அடிப்படையாகக் கொண்டதும் இந்த 3 கிராம்தான். ஆக, நீங்கள் எடுத்துக்கொண்டது தேவையில் பாதிகூட இல்லை. ரொட்டியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

"ஜெல் கொழுப்பைப் பிடித்துக்கொள்கிறது" என்ற விளக்கம் பாதி உண்மை. அதைத் திருத்திப் புரிந்துகொண்டால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது தானாகவே தெளிவாகும். பீட்டா குளூக்கன் என்பது குளுக்கோஸ் அலகுகள் கோத்த மிக நீளமான சங்கிலி. மூன்று அல்லது நான்கு அலகுகள் ஒரே வகைப் பிணைப்பில் நேராகச் சென்றபின், வேறு வகைப் பிணைப்பு ஒன்று குறுக்கிட்டுச் சங்கிலியைச் சற்றே வளைக்கிறது. இந்த வளைவுகள் இல்லாவிட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கப்பட்டு, பஞ்சிலுள்ள செல்லுலோஸைப் போல நீரில் கரையாமல் போயிருக்கும். வளைவுகள் இருப்பதால் இடையே நீர் புகுகிறது. சங்கிலிகள் விரிந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, நீரைக் கெட்டியாக்குகின்றன. மனிதக் குடலில் இந்தப் பிணைப்புகளை வெட்டும் நொதி சுரப்பதில்லை. ஆகவே சங்கிலிகள் சிறுகுடல் முழுவதையும் பெரும்பாலும் சிதையாமல் கடந்துவிடுகின்றன.

கறாராகச் சொன்னால், அங்கே உருவாவது வெட்டி எடுக்கக்கூடிய ஜெல் அன்று. பாகு போன்ற கெட்டியான கரைசல். ஓட்ஸ் கஞ்சி கிண்ணத்தில் ஆறி இறுகுவதைப் பார்த்து, "இதுதான் அந்த ஜெல்" என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அந்த இறுக்கத்தின் பெரும்பகுதி மாவுச்சத்தால் வருவது. உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை விரைவில் உடைத்துவிடும். அந்த இறுக்கம் குடலுக்குள் நிலைக்காது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆறிய கஞ்சியில் ஒரு கரண்டியை வாயில் சிறிது நேரம் வைத்திருங்கள். இறுக்கம் தளர்ந்து நீர்த்துப்போகும், ஆனால் நாக்கில் ஒரு வழுவழுப்பு எஞ்சியிருக்கும். பீட்டா குளூக்கன் தருவது அந்த வழுவழுப்பைத்தான்.

இனி அது செய்யும் வேலைக்கு வருவோம். கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களைத் தயாரிக்கிறது. உணவு உண்டதும் பித்தப்பை சுருங்கி அவற்றைச் சிறுகுடலின் தொடக்கத்தில் விடுகிறது. அவை கொழுப்பை நுண்துளிகளாகப் பிரித்துச் செரிமானத்துக்கு உதவுகின்றன. வேலை முடிந்ததும் உடல் அவற்றை வீணாக்குவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ 95 விழுக்காடு திரும்ப உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கே போய்ச் சேர்ந்து, மறுபடியும் பித்தமாக வெளிவருகிறது. உடலில் உள்ள மொத்த இருப்பே சில கிராம்தான். அந்த இருப்பு ஒரே நாளில் பல முறை இவ்வாறு சுழல்கிறது. மலத்தில் கழியும் சிறு பங்கை ஈடுகட்ட மட்டுமே கல்லீரல் புதிதாகத் தயாரிக்கிறது.

இந்தச் சுழற்சியில்தான் பீட்டா குளூக்கன் குறுக்கிடுகிறது. குடலின் உள்ளடக்கம் பாகாகும்போது, அதில் மிதக்கும் பித்த அமிலத் திரள்கள் குடற்சுவரை எட்டுவது மெதுவாகிறது, கலக்கலும் குறைகிறது, சுவரை ஒட்டி நிற்கும் அசையாத நீர்ப்படலமும் தடிக்கிறது. உறிஞ்சப்படும் இடத்தைக் கடந்து செல்வதற்குள் சுவரைத் தொட வாய்ப்புக் கிடைக்காத பித்த அமிலம், உணவு எச்சத்தோடு பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. இருப்பு குறைவதை உணரும் கல்லீரல், பித்த அமிலம் செய்யும் நொதியை முடுக்கிவிடுகிறது. அதற்குக் கச்சாப் பொருளாகக் கொலஸ்ட்ரால் தேவை. ஆகவே கல்லீரல் செல்கள் தம் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டி, இரத்தத்தில் ஓடும் எல்டிஎல் துகள்களை உள்ளே இழுக்கின்றன. உங்கள் பரிசோதனைத் தாளில் எண் குறைவது இந்தக் கடைசிப் படியால்தான். ஓட்ஸ் இரத்தத்தைத் தொடுவதே இல்லை. குடலில் ஒரு கசிவை உண்டாக்குகிறது, அதை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதற்கு நேரடிச் சான்று உண்டு. பெருங்குடல் அகற்றப்பட்டு, சிறுகுடலின் முனை வயிற்றின் வழியே வெளியே திறக்கப்பட்டவர்களிடம் வெளியேறும் பொருளை அப்படியே அளக்கலாம். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்ஸ் தவிட்டு ரொட்டி உண்ட நாள்களில் இவர்களிடமிருந்து வெளியேறிய பித்த அமிலம், கோதுமை ரொட்டி உண்ட நாள்களைவிட ஏறத்தாழ பாதி அளவு கூடியது. அதே ஓட்ஸ் தவிட்டில் பீட்டா குளூக்கனை வெட்டும் நொதியைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் கூடுதல் பெரிதும் மறைந்துவிட்டது. தவிடு அதேதான், சங்கிலியின் நீளம் மட்டும் மாறியது. என்னைப் பொறுத்தவரை இத்துறையில் இதைவிடத் தெளிவான சோதனை குறைவு.

சங்கிலியின் நீளம் இவ்வளவு முக்கியமாக இருப்பதால்தான் உங்கள் மாலை ரொட்டியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் ஓட்ஸ் குறைவாகவே இருக்கும் என்பது ஒரு பக்கம். மற்றொன்று, கோதுமை மாவில் இயல்பாகவே பீட்டா குளூக்கனை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. மாவு ஈரத்தோடு மணிக்கணக்கில் புளிக்கும்போது அவை சங்கிலிகளைத் துண்டாடுகின்றன. பொட்டலத்தில் அச்சிட்ட கிராம் கணக்கு மாறாது, குடலில் கிடைக்கும் பாகு மட்டும் குறைந்துபோகும். 2010-இல் வெளியான ஒரு பரிசோதனையில் இதையே நேராகச் சோதித்தார்கள். நாளுக்கு 3 அல்லது 4 கிராம் கொடுத்து, சங்கிலியின் நீளத்தைக் காட்டும் மூலக்கூறு எடையை மாற்றிப் பார்த்தார்கள். எடை இருபது லட்சத்துக்கு மேல் இருந்தபோது 3 கிராமிலேயே எல்டிஎல் தெளிவாகக் குறைந்தது. இரண்டு லட்சத்தை ஒட்டி இறங்கியபோது 4 கிராம் கொடுத்தும் பலன் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. உறையவைத்து எடுத்து உண்ணும் ஓட்ஸ் பண்டங்களில் வேறொரு சிக்கல்: சங்கிலி உடையாது, ஆனால் குளிரில் இறுகிக்கொண்டு முன்போலக் கரைய மறுக்கும்.

உங்கள் காலைக் கஞ்சியில் இந்தக் கவலை இல்லை. ஓட்ஸ் ஆலையிலேயே நீராவியில் வேகவைக்கப்படுவதால் அதன் சொந்த நொதிகள் பெரும்பாலும் செயலிழந்திருக்கும். முறித்த ஓட்ஸ், தட்டை ஓட்ஸ், உடனடி ஓட்ஸ் ஆகியவற்றுள் எது சிறந்தது என்று பலர் கேட்பார்கள். இரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தில் அவற்றுக்குள் வேறுபாடு உண்டு. கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை பீட்டா குளூக்கனின் அளவு சமமாக இருந்தால் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பாலில் காய்ச்சுவதும் தவறன்று, ஆனால் தாராளமான நீரோடு நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கரைந்த பகுதிதான் வேலை செய்யும்.

அளவைச் சரிசெய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. தட்டை ஓட்ஸ் மட்டும் என்றால் நாளுக்கு 75 கிராம் வேண்டும்; அதைக் காலை, மாலை என இரண்டு வேளையாகப் பிரிக்கலாம். அது அதிகமாகத் தோன்றினால் ஓட்ஸ் தவிட்டைச் சேருங்கள். பீட்டா குளூக்கன் தவிட்டில் அடர்த்தியாக இருக்கிறது. நூறு கிராமுக்கு 7 கிராம் என்று வைத்துக்கொண்டால், 40 கிராம் தட்டை ஓட்ஸ் 1.6 கிராமும் 20 கிராம் தவிடு 1.4 கிராமும் தந்து 3 கிராம் நிறைவுபெறும். தவிட்டில் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்கிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் கொறிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஓரளவு அடர்த்தியைத் தாண்டியபின், அடர்த்தி இரட்டிப்பானால் பாகுத்தன்மை இரண்டு மடங்கோடு நிற்காமல் பத்து மடங்கையொட்டி ஏறும். சிறு சிறு அளவுகளில் அந்த எல்லையை எட்டுவது கடினம். பித்தம் உணவை ஒட்டியே சுரப்பதால், முழு உணவோடு உண்பதே பொருத்தம். அளவைத் திடீரென்று கூட்டினால் பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுத் தொல்லை தரும். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

இனி 148, 145 என்ற எண்களைப் பற்றி. 3 கிராம் அளவில் எதிர்பார்க்கத்தக்க குறைவு 5 முதல் 7 விழுக்காடு. உங்கள் 148-இல் அது 7 முதல் 10 புள்ளி. அதாவது 138-க்கும் 141-க்கும் இடைப்பட்ட ஓர் எண். ஆனால் எந்த மாற்றமும் செய்யாத ஒருவரின் எல்டிஎல்கூட ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ அதே அளவு ஊசலாடும். ஆகவே நீங்கள் கண்ட 3 புள்ளிக் குறைவை 1.2 கிராமின் பலன் என்றும் சொல்ல முடியாது, பலனின்மை என்றும் சொல்ல முடியாது. முழு அளவைத் தொடங்கி ஆறு வாரம் கழித்து, ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை ஒரே ஆய்வகத்தில் பார்த்து, சராசரியை எடுங்கள். அதற்குள் எடையோ மற்ற உணவுகளோ மாறியிருந்தால் குறைவை ஓட்ஸின் கணக்கில் எழுத இயலாது.

சராசரி 140-ஐ ஒட்டி வந்தால் ஓட்ஸ் தன்னால் இயன்றதைச் செய்துவிட்டது என்று பொருள். 6 கிராமாகக் கூட்டினால் 130 ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் மருத்துவர் வைத்திருக்கும் இலக்கு 100 என்றால் அந்த இடைவெளியை ஓட்ஸால் நிரப்ப முடியாது. ஸ்டாட்டின் மாத்திரை எழுதப்பட்டால் ஓட்ஸை நிறுத்த வேண்டியதில்லை; மாத்திரை கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கிறது, ஓட்ஸ் குடல் வழியே இழப்பைக் கூட்டுகிறது. ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் குறைவே ஏறத்தாழ 6 விழுக்காடுதான் என்பதை நினைத்தால், ஒரு கிண்ணக் கஞ்சியின் பங்கு அற்பமன்று. தவிட்டோடு சேர்த்து விழுங்கினால் சில மருந்துகளின் உறிஞ்சல் குறையலாம் என்பதால், மாத்திரையைக் கஞ்சியோடு எடுக்காமல் சில மணி நேரம் தள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் வெறும் வயிற்றில் அதை முதலில் எடுத்துவிட்டு, கஞ்சியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.