சளியோடு சில்லுமூக்கு உடைந்தால்

கேள்வி: சளி பிடிக்கும்போதெல்லாம் எனக்கு மூக்கில் ரத்தம் வருகிறது. அதை எப்படி நிறுத்துவது? திரும்பத் திரும்ப வராமல் இருக்க என்ன செய்யலாம்?

காது மூக்கு தொண்டைப் பிரிவில் 11 வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். ஆனால் இந்தப் பதிலை என் வீட்டில் நடந்ததை வைத்தே எழுதுகிறேன். சில்லுமூக்கு உடைந்தால் ரத்தத்தை நிறுத்துவது பாதி வேலைதான். அதற்குப் பிறகு வரும் பத்துப் பதினைந்து நாட்களைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அதை நானும் என் மகன் விஷயத்தில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

அவனுக்கு அப்போது 9 வயது. கோயம்புத்தூரில் தை மாதக் காற்று எப்படி வறட்டும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், உதடே வெடிக்கும். நான்கு நாட்களாகச் சளி. பள்ளிக்குக் கிளம்பும்போது பலமாக மூக்கைச் சிந்தினான், சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். நான் குளியலறையில் இருந்தேன். என் மாமியார் பதறிப்போய் அவனைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையில் தண்ணீர் தெளித்து, மூக்கில் பஞ்சை அடைத்துவிட்டார். நான் வந்தபோது வெளியே ரத்தம் வரவில்லை, நின்றுவிட்டது என்றார். ஐந்து நிமிடத்தில் பையன் கட்டி கட்டியாக ரத்தவாந்தி எடுத்தான். ரத்தம் நிற்கவே இல்லை, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வயிற்றில் சேரும் ரத்தம் குமட்டும். மறுநாள் மலம் கருப்பாகப் போவதும் அதனால்தான்.

எழுப்பி உட்கார வைத்தேன். தலையைச் சற்று முன்னால் குனியச் சொல்லி, கையில் ஒரு கிண்ணம் கொடுத்தேன். "வாயால மூச்சு விடுப்பா, தொண்டைக்கு வர்றத முழுங்காதே, துப்பு." பிறகு கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டாலும் அவன் மூக்கைப் பிடித்து அழுத்தினேன். எங்கே பிடிக்கிறோம் என்பதுதான் இதில் முக்கியம். மூக்குக் கண்ணாடி உட்காரும் எலும்புப் பகுதியைப் பிடித்து எந்தப் பயனும் இல்லை. எலும்பு முடிந்து மெத்தென்று அசையும் கீழ்ப்பகுதி இருக்கிறதே, அதை இரண்டு பக்கமும் சேர்ந்து ஒட்டும்படி பிடிக்க வேண்டும். சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பேசினால் குரல் மூக்கடைத்த குரலாக மாறும், மூக்கு வழியே காற்று துளியும் போகாது.

பிடித்த பிடியில் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 10 நிமிடம். நடுவில் "நின்னுடுச்சா" என்று ஒரு தடவைகூட விட்டுப் பார்க்கக் கூடாது. ரத்தம் உறைந்து அந்த ஓட்டையை அடைக்க இந்த நேரம் வேண்டும். பாதியில் விட்டால் பாதி உறைந்தது கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து 10 நிமிடம். வெளிநோயாளிப் பிரிவுக்கு வருபவர்கள் "அரை மணி நேரமா புடிச்சிட்டே இருந்தோம்" என்பார்கள். விசாரித்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் விட்டுப் பார்த்திருப்பார்கள். அவனுக்கு 10 நிமிடத்தில் நின்றது.

நிற்கவில்லை என்றால் இன்னொரு 10 நிமிடம் அதேபோலப் பிடிக்கலாம். உலர்ந்த பஞ்சையோ துணியையோ உள்ளே அடைக்காதீர்கள். அது புண்ணில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது உறைந்த ரத்தத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். மூக்கடைப்புக்குப் போடும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தால் பஞ்சை நனைத்து வைத்தால் ரத்தக்குழாய் சுருங்கும். பெரியவர்களுக்கு அது உதவும், ஆனால் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒழுங்காகப் பிடித்தும் 20, 30 நிமிடத்தில் நிற்கவில்லை, அல்லது முன்னால் குனிந்து பிடித்திருக்கும்போதே தொண்டையில் தொடர்ந்து இறங்குகிறது என்றால், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அது மூக்கின் பின்பகுதியிலிருந்து வரும் ரத்தமாக இருக்கலாம், அதை விரலால் நிறுத்த முடியாது.

சரி, அன்றைக்கு நின்றது. மூன்றாம் நாள் இரவு தூக்கத்தில் தலையணை நனைந்தது. ஐந்தாம் நாள் மறுபடி. எல்லாம் அதே வலது மூக்கு. மாமியார் உடல் சூடு என்று இளநீர் கொடுத்தார். இளநீரால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் காரணம் சூடு இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது தெரிந்தது. மூக்கை இரண்டாகப் பிரிக்கிற நடுச்சுவரின் முன்பக்கம், விரல் நுனி எட்டுகிற தூரத்தில், கருஞ்சிவப்பாக ஒரு பொருக்கு.

அந்த இடத்தை மருத்துவத்தில் லிட்டில் பகுதி என்பார்கள். பல ரத்தக்குழாய்களின் நுனிகள் வந்து பின்னிக்கொள்ளும் இடம். மேலே இருப்பது மெல்லிய சவ்வு மட்டும்தான். பத்தில் ஒன்பது சில்லுமூக்கு இங்கேதான் உடைகிறது. சளி பிடித்தால் இந்தச் சவ்வு வீங்கி, ரத்த ஓட்டம் கூடி, சிவந்து நிற்கும். கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து உரசும். வறண்ட காற்றோ ஏசி காற்றோ அடிக்க அடிக்கச் சளி அங்கேயே காய்ந்து பொருக்காக ஒட்டும். பொருக்கு அரிக்கும், அல்லது அடைத்தது போல இருக்கும். உடனே விரல் போகும், அல்லது ஓங்கிச் சிந்துவோம். பொருக்கு பெயர்ந்தால் அடியில் இருக்கும் குழாய் திறக்கும். ரத்தம் வரும், அது காய்ந்து முன்பைவிடப் பெரிய பொருக்காகும். மறுபடி அரிக்கும். சளி போய் ஒரு வாரமான பிறகும் ரத்தம் வருகிறதே என்று கேட்பார்கள். சளி போயிருக்கும், பொருக்கு போயிருக்காது.

ஆகவே பொருக்கு காயாமல் ஈரமாக இருக்க வேண்டும், தானாக உதிரும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. இவ்வளவுதான் வைத்தியம். நான் செய்தது இது. உப்புநீர்ச் சொட்டு மருந்து, மருந்துக்கடையில் கிடைக்கும் வெறும் சோடியம் குளோரைடு சொட்டு, பகலில் மூன்று நான்கு தடவை இரண்டிரண்டு சொட்டு. காலையிலும், தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பும், மிளகு அளவு பெட்ரோலியம் ஜெல்லி. அதைத் தடவும்போது நடுச்சுவரைச் சுரண்டாதீர்கள். சுண்டுவிரல் நுனியில் எடுத்து மூக்குத் துவாரத்தின் வெளிப்பக்க ஓரத்தில் உள்பக்கமாக வைத்துவிட்டு, வெளியிலிருந்து மூக்கை மெதுவாக இரண்டு மூன்று முறை அழுத்தி விடுங்கள், அது தானே நடுச்சுவரில் பரவும். கொஞ்சமாகப் போட வேண்டும், படுத்துக்கொண்டு போடக் கூடாது, மாதக் கணக்கில் போடவும் கூடாது. அதிகமானால் எண்ணெய்ப்பசை மெல்ல நுரையீரல் பக்கம் இறங்க இடம் உண்டு. இரண்டு வாரம் போதும்.

முதல் ஒரு நாள் மூக்கைச் சிந்தவே விடவில்லை, ஒழுகினால் ஒற்றி எடுத்தோம். அதன் பிறகும் ஒரு வாரத்துக்கு மெதுவாகத்தான், ஒரு பக்கத்தை மூடி மறு பக்கம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொன்னேன். அடக்கினால் அந்த அழுத்தம் முழுக்க மூக்குக்குள்தான் போகும். முதல் நாள் சுடச்சுட ரசம், காபி இல்லை, ஆறவைத்துத்தான். நகத்தை ஒட்ட வெட்டினேன். ஆவி பிடிப்பதையும், கற்பூர வாசனை வரும் இன்ஹேலரையும், நெற்றித் தைலத்தை மூக்கருகே தடவுவதையும் நிறுத்தினேன். சூடான ஆவி குழாய்களை விரிக்கும், தைலம் ஏற்கெனவே புண்ணான சவ்வை எரிக்கும். எட்டாம் நாள் உப்புநீர் விட்ட பிறகு ஒரு துண்டு பொருக்கு தானாக வந்து விழுந்தது, ரத்தம் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் மறுபடி ஒட்டியிருக்கும் என்று 14 நாளையும் முடித்தேன்.

நீங்கள் பெரியவர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். மூக்கடைப்பு ஸ்பிரே அடிக்கிறீர்களா? அதன் நுனி நடுச்சுவரைப் பார்த்து இருந்தால் தினமும் ஒரே இடத்தில் மருந்து பட்டுப் பட்டு அதுவே புண்ணாகும். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள், நுனி அந்தப் பக்கக் காதைப் பார்க்கும். சைலோமெட்டாசோலின் வகையை ஐந்து நாளுக்கு மேல் தொடவே வேண்டாம், நிறுத்தியதும் அடைப்பு முன்பைவிட மோசமாகும். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகளும் மூக்கை வறட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் போங்கள், கொஞ்சமாக வந்தாலும் சரி.

சளி என்று நினைப்பது சளியாக இல்லாமலும் இருக்கலாம். மழைக்காலத்தில் கடும் காய்ச்சல், உடம்புவலி, கூடவே மூக்கிலோ ஈறிலோ ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள் என்றால் டெங்குவாக இருக்கக்கூடும். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எதுவும் கொடுக்கக் கூடாது. சின்னக் குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளியும் ரத்தமும் வந்தால் உள்ளே பட்டாணியோ மணியோ பட்டன் பேட்டரியோ மாட்டியிருக்கலாம். பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே சவ்வை அரித்துவிடும், காத்திருக்காதீர்கள். பதின்ம வயதுப் பையனுக்கு ஒரே பக்கம் அடைப்பும் அடிக்கடி ரத்தமும் இருந்தாலும் மருத்துவர் உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அதே இடத்தில் திரும்ப வந்தால், அந்தக் குழாயை வெள்ளி நைட்ரேட் குச்சியால் தொட்டுப் பொசுக்குவார்கள். மரக்க வைத்துவிட்டுச் செய்வது, சில வினாடிகள்தான், கொஞ்சம் சுரீரென்று இருக்கும். இரண்டு பக்கமும் பிரச்சினை என்றாலும் பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டையும் செய்ய மாட்டார்கள். நடுச்சுவரின் ஒரே இடத்தை இருபுறமும் சுட்டால் ஓட்டை விழ வாய்ப்பு இருப்பதால், சில வாரம் விட்டு அடுத்த பக்கம் செய்வார்கள். அதற்குப் பிறகும் அதே கவனம்தான். மருத்துவர் தரும் களிம்பைத் தடவி, மூக்கைச் சிந்தாமல், விரல் போடாமல் இரண்டு வாரம்.