மொழிக்கு மொழி மரியாதை உட்காரும் இடம் வேறு

கேள்வி: ஒரு தொகுதியில் ஆறு செய்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி. எல்லாவற்றையும் சுருக்கித் திருத்தி எழுத வேண்டும், ஆனால் மரியாதை எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இதை எப்படிச் செய்வது?

கொழும்பில் ஒரு ஹோட்டலின் முன்பதிவுப் பகுதியில் இருக்கிறேன். விருந்தினர்களுக்குப் போகும் பதில்களைத் திருத்துவது என் வேலை. ஆளாளுக்கு எழுதிவைத்த பதில்கள் மாலையில் ஒரு தாளில் சேரும்: தமிழ், சிங்களம், ஆங்கிலம், ஹிந்தி, ஜெர்மன், பிரெஞ்சு. எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்பது ஒன்று, அறை மாற்றம் பற்றியது இன்னொன்று என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு விஷயம்.

முதல் தடவை நான் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் விஷயம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. செய்திகள் நீளமாக இருக்கின்றன, பாதியாக்குங்கள் என்று மேலாளர் சொன்னார். நான் ஆறு மொழியிலும் ஒரே கத்தரியைப் போட்டேன். பீடிகையை எடுத்தேன், 'தயவுசெய்து' என்பதற்கு அந்தந்த மொழியில் உள்ள சொல்லை எடுத்தேன். வெட்டு சமம்தானே, மரியாதையும் சமமாகத்தான் குறைந்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்படி நடக்கவில்லை. தமிழில் 'தயவுசெய்து உங்கள் வருகை நேரத்தை அறியத்தாருங்கள்' என்று இருந்தது. முதல் சொல் போனாலும் 'தாருங்கள்' நிற்கிறது. அந்த 'உங்கள்' விகுதியே மரியாதையைச் சுமக்கிறது. ஹிந்தியிலும் இப்படித்தான். 'க்ருபயா' போனாலும் 'பதாயியே' என்ற வினை மரியாதையாகவே இருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் வினைக்கு அப்படி ஒரு வடிவமே இல்லை. அங்கே மரியாதை முழுவதும் 'ப்ளீஸ்', 'குட் யூ' போன்ற உதிரிச் சொற்களில்தான் இருக்கிறது. அவற்றை எடுத்ததும் மிஞ்சியது 'செண்ட் அஸ் யுவர் அரைவல் டைம்'. அது ஒரு கட்டளை. ஒரே வெட்டு, ஒரு மொழியில் கீறல், இன்னொரு மொழியில் எலும்பு வரைக்கும்.

சிங்களத்தில் எதிர்ப்பக்கமாகத் தவறினேன். சுருக்கியதால் மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயத்தில் 'கரன்ன' என்று முடிந்த வினையை 'கரனு மெனவி' என்று மாற்றினேன். எங்கள் பகுதியில் சிங்களம் பார்க்கும் அக்கா வாசித்துவிட்டு, "இது கந்தோரில இருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கு, தங்கச்சி" என்றார். சரிதான். அது அறிவித்தல் பலகையின் நடை. விருந்தினருக்கு 'ஒப' என்று விளித்து 'கரன்ன' என்று முடித்தால் போதும். 'ஒயா' நண்பருக்குச் சொல்வது. 'ஒபதுமா' மேலே ஏறும், அதோடு அது ஆணுக்குரியது, பெண்ணென்றால் 'ஒபதுமிய' ஆக வேண்டும். பெயரை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிக்க வேண்டிய இடத்தில் அந்தப் படிக்கே போகக்கூடாது.

அதற்குப் பிறகு நான் செய்யும் முறை இது. முதலில் தாளின் தலையில் ஒரு வரி எழுதுவேன்: யார் யாரிடம் பேசுகிறார். என் வரி: 'வரவேற்பு மேசையில் இருப்பவர், முதல் தடவை தங்க வரும் ஒருவரிடம்.' 'மரியாதையாக எழுதவும்' என்று மட்டும் குறித்தால் ஒவ்வொரு மொழியிலும் அது ஒவ்வொரு உயரத்தில் போய் நிற்கும். ஆள் கண்முன் வந்தால் உயரம் தானாகத் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு செய்தியிலும் மூன்று இடங்களை மட்டும் தனித்தனி நிரல்களில் எடுத்துப் போடுவேன்: விளிக்கும் சொல், கேட்கும் வினை, தொடக்கமும் முடிவும். திருத்தும்போது செய்தி செய்தியாகப் போவதில்லை. ஒரு நிரலை எடுத்து ஆறு மொழியையும் மேலிருந்து கீழே பார்த்துவிட்டுத்தான் அடுத்த நிரலுக்குப் போவேன். ஒரு செய்தியை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால், முதல் மொழியில் பிடித்த உயரம் நான்காவது மொழிக்கு வரும்போது மனதில் நழுவிவிடும்.

வினை நிரலில்தான் அதிக நேரம் போகும். தமிழில் 'அறியத்தரவும்' என்பதைப் பலர் மரியாதை என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது முகம் பார்க்காத சொல், வங்கிப் படிவத்திலும் கதவில் ஒட்டும் அறிவித்தலிலும் வருவது. எங்கள் உயரத்துக்கு 'அறியத்தாருங்கள்'தான் சரி. 'தங்கள்' வேண்டாம், 'உங்கள்' போதும். ஹிந்தியில் பார்க்க வேண்டியது விளியும் வினையும் ஒட்டுகிறதா என்று. பேச்சுப் பழக்கத்தில் 'ஆப்' என்று மரியாதையாகத் தொடங்கி 'பதாவோ' என்று முடித்துவிடுகிறார்கள். பாதி வாக்கியம் மேலே, பாதி கீழே. ஆங்கிலத்தில் கேள்வியாக மாற்றுவேன், சொல் இரண்டு கூடினாலும் பரவாயில்லை. எல்லாச் செய்தியும் ஒரே நீளத்துக்குச் சுருங்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால்தான் மரியாதை சமமாகும்.

ஜெர்மனில் 'ஸீ' என்று விளித்தால் வினையும், 'உங்கள்' என்பதற்கான சொல்லும் அதே படியில் கடைசி வரி வரைக்கும் போக வேண்டும். இரண்டு பேர் எழுதியதை ஒட்டினால் நடுவில் 'டூ' வந்து உட்கார்ந்துகொள்ளும், அது நண்பருக்கு. இன்னொன்று, இந்த மரியாதைச் சொற்களுக்கு முதலெழுத்து பெரிதாக இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் போனால் அதே 'ஸீ' அவள் அல்லது அவர்கள் என்று பொருள்படும். எழுத்தைச் சீராக்குகிறேன் என்று எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடாதீர்கள். பிரெஞ்சில் மரியாதை விளியான 'வூ' தவறுவது குறைவு, அங்கே முடிவு வரியை மட்டும் பார்த்தால் போதும். 'கோர்டியால்மான்' நம் உயரத்துக்குப் பொருந்தும்.

சமமாகிவிட்டதா என்று பார்ப்பதற்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன், அது ஏமாற்றும். 'நீ', 'நீங்கள்', 'தாங்கள்' மூன்றும் அங்கே 'யூ' ஆகிவிடும், 'டூ'வும் 'ஸீ'யும் அதே 'யூ'தான். எதை அளக்க வேண்டுமோ அது மாற்றும்போதே கரைந்துபோகிறது. அதற்குப் பதிலாக அந்த மொழியை வீட்டில் பேசும் ஒருவரிடம் செய்தியைக் காட்டி, ஹோட்டல் பெயரை மறைத்துவிட்டு, "இதை யார் யாருக்கு எழுதியிருப்பார்கள்?" என்று மட்டும் கேட்கிறேன். மரியாதையாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். இந்தக் கேள்விக்கு நண்பன் என்றோ அரசாங்கக் கந்தோர் என்றோ பதில் வந்தால் அந்தச் செய்தி திரும்ப மேசைக்கு வரும். 'கடையோ ஹோட்டலோ, வாடிக்கையாளருக்கு' என்று ஆறு பேரும் சொன்னால் அனுப்பிவிடுவேன்.

அந்தச் சிங்களச் செய்தியை 'ஒப', 'கரன்ன' என்று மாற்றி, அக்காவிடம் கருத்துக் கேட்காமல், அதை அவருடைய அம்மாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டும்படி அவரிடமே சொன்னேன். "எந்த ஹோட்டல்?" என்று கேட்டாராம்.