அலுவலக வாழ்த்து மடலில் எந்த வரி இருக்கலாம்?

கேள்வி: எங்கள் கணக்குப் பிரிவில் கல்யாணப் பெண்ணைத் தவிர 14 பேர். கூட வேலை பார்க்கும் தோழிக்கு 34 வயதில் கல்யாணம். அதிகம் பேசாதவர். எல்லோருக்கும் பத்திரிகை வைத்திருக்கிறார். பிரிவின் சார்பில் வாழ்த்து மடல் அச்சடித்து ஃபிரேம் போட்டுத் தரப்போகிறோம். "காத்திருந்த கைகளுக்கு மாலை வந்தது, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க, அடுத்த ஆண்டு தொட்டில் கட்ட வருவோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியாக இருக்குமா?

பதில்: தொட்டில் வரியை முதலில் எடுத்துவிடுங்கள். குழந்தை எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அவர்கள் இருவரும் இன்னும் பேசியே இருக்க மாட்டார்கள். அதற்குள் 14 பேர் கையெழுத்துப் போட்டு நாள் குறிப்பது போல ஆகிவிடும். லீவு முடிந்து திரும்பி வரும்போது அவருக்கு அந்த வரிதான் நினைவில் நிற்கும்.

"காத்திருந்த கைகள்" எழுதியவர் அன்போடுதான் எழுதியிருப்பார். ஆனால் அந்த வரி உங்கள் தோழியின் வயதைச் சுட்டுகிறது. நான் போன ஒரு வரவேற்பில் இதே போல "நீண்ட காத்திருப்புக்குப் பின்" என்று தொடங்கும் மடலை மேடையில் மைக் பிடித்து வாசித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "எத்தனை வருஷமா பார்த்தாங்களாம்?" என்று கேட்டார். மணப்பெண் காதில் அது விழுந்தது. சிரித்த முகம் அப்படியே இருந்தது, கை மட்டும் மாலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. உங்கள் தோழி காத்திருந்தாரா, தானே தள்ளிப்போட்டாரா என்பது ஆபீஸுக்குத் தெரியாது. தெரியாததை எழுத வேண்டாம்.

"பதினாறும் பெற்று" நல்ல வாழ்த்து. அந்தப் பதினாறு, பேறுகளைக் குறிப்பது. கல்வி, நீண்ட ஆயுள், நோயில்லாத உடல், நல்ல நட்பு, புகழ் என்று போகும் வரிசையில் குழந்தைப்பேறும் ஒன்று, அவ்வளவுதான். தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் பதினாறும் பிள்ளையாகவே படிக்கப்படும். இருந்தாலும் எல்லா மடலிலும் இருக்கிற வரி என்பதால், உங்கள் மடலுக்கு இது இல்லாவிட்டாலும் குறையில்லை.

அப்படியானால் எதை எழுதுவது? உங்கள் பிரிவு மட்டுமே பார்த்த ஒன்றை. அவர் வீட்டார் அவரை மகளாக, தங்கையாக அறிவார்கள். மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அவர் எப்படி இருப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். 14 பேரிடமும் ஆளுக்கு ஒரு வரி கேளுங்கள். வருவதில் இரண்டு மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்ச்சிச் சொல் வேண்டாம், நடந்ததை அப்படியே சொன்னால் போதும். அவர் செய்த தவறு, அவரைக் கிண்டல் செய்த கதை, யாரோடோ நடந்த மனக்கசப்பு எதுவும் வரக்கூடாது. ஃபிரேம் போட்டது புகுந்த வீட்டுக் கூடத்தில் மாட்டப்படலாம்.

மாதிரிக்கு ஒன்று:

"அன்புத் தோழிக்கு,
மார்ச் 31 இரவு நாங்கள் எல்லோரும் பதறிக்கொண்டிருக்கும்போது, 'ஒரு தடவை கூட்டிப் பார்க்கலாம்' என்று நீங்கள் மெதுவாகச் சொல்வீர்கள். அதற்கப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வரும். அந்த நிதானத்தோடும் மகிழ்ச்சியோடும் நீங்கள் இருவரும் தொடங்கும் வாழ்க்கை நீடூழி சிறக்க எங்கள் அன்பான வாழ்த்துகள்.
கணக்குப் பிரிவு நண்பர்கள்"

மாப்பிள்ளையை உங்களில் யாரும் பார்த்ததில்லை என்றால், "நீங்கள் இருவரும்" என்பதே அவருக்கு உரிய மரியாதை. அவர் படிப்பு, வேலை, சம்பளம், வெளிநாடு எதுவும் வேண்டாம். "அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரையும் வேண்டாம்.

மேலே பெயர் போடும்போது பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பாருங்கள். தலைப்பெழுத்தும் அதில் உள்ளபடியே. திருவளர்ச்செல்வி, திருநிறைச்செல்வி என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள். வீட்டில் இவருக்குப் பின் இன்னும் கல்யாணம் இருக்கிறது என்றால் திருவளர், இதுவே கடைசி என்றால் திருநிறை என்று போடுவது பல குடும்பங்களில் வழக்கம். மாற்றிப் போட்டால் தங்கையின் கல்யாணத்தையே இல்லை என்று சொன்னது போலாகும்.

கையெழுத்துகள் பதவி வரிசையில் வேண்டாம், அகர வரிசையில் போடுங்கள். பரிசுக்குப் பணம் கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பார்க்காமல் 14 பேரும் போட வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அவரும் அந்தக் குழுவில் இருப்பார்.

அதிகம் பேசாதவர் என்கிறீர்கள். மேடையில் வாசிக்கலாமா என்று அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். தயங்கினால், லீவில் போகும் முன் கடைசி வேலை நாளில், மாலை டீ நேரத்தில் அவர் மேஜையிலேயே கொடுத்துவிடுங்கள். உடனே பிரித்து எல்லோர் முன்னும் படிக்கச் சொல்லாதீர்கள். பையில் வைத்துக்கொண்டு போய் வீட்டில் படிக்கட்டும்.