கை படாத அறை

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். அண்ணன் தம்பியைக் கன்னத்தில் அறையும் காட்சி. மொபைலைப் பக்கவாட்டில் வைத்து எடுத்தோம். கை காற்றில் போவது அப்பட்டமாகத் தெரிகிறது. தம்பியாக நடிப்பவன், "நிஜமாவே அடிங்கடா, தாங்கிக்கிறேன்" என்கிறான். மெதுவாக அடித்தே எடுத்துவிடலாமா?
செ., தூத்துக்குடி

அன்புள்ள செ.,

வேண்டாம். கன்னத்தில் அடிக்கப் போகும் கை ஒரு அங்குலம் தவறினால் காதில் விழும். குவிந்த உள்ளங்கை காதை மூடியபடி அறைந்தால், உள்ளே அடைபடும் காற்றின் அழுத்தமே செவிப்பறையைக் கிழித்துவிடும். அதோடு, ஆறாவது டேக்கில் மெதுவாக அடிக்கும் நடிகரை நான் பார்த்ததில்லை. மெதுவான அடி திரையிலும் மெதுவாகத்தான் தெரியும்.

உங்கள் சிக்கல் கேமரா நின்ற இடத்தில் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கைக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி முழுசாகத் தெரியும். கேமராவைத் தம்பியின் முதுகுக்குப் பின்னால், அவருடைய வலது தோளுக்கு மேலாக, கண் உயரத்தில் வையுங்கள். அண்ணன் வலது கையால் அறைகிறார் என்றால், அடி விழவேண்டியது தம்பியின் இடது கன்னம். அந்தக் கன்னம் இப்போது கேமராவுக்கு மறைவு. கை ஃபிரேமின் இடப்பக்கத்திலிருந்து வந்து, தலைக்குப் பின்னே மறைந்து, வலப்பக்கம் வெளியே வரும். மறைந்த அந்தக் கணத்தில் நடந்ததைப் பார்ப்பவரே கற்பனை செய்துகொள்வார்.

மொபைலின் சாதாரண லென்ஸ் அகலமானது. பக்கத்தில் வைத்தால் தம்பியின் தலை பூதாகரமாகவும் அண்ணனின் கை எங்கேயோ தூரத்திலும் தெரியும். எட்டுப் பத்தடி பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். இருவரும் நெருங்கி நிற்பதுபோல் ஆகிவிடும்.

தூரத்தை இப்படி அளக்கலாம். அண்ணன் கையை முழுக்க நீட்டி, உடம்பையும் முன்னால் சாய்த்து நிற்கட்டும். விரல் நுனிக்கும் தம்பியின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருக்க வேண்டும். இருவர் கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். கோபமாக நடிக்கும்போது கால் தன்னால் அரை அடி முன்னேறும். பாதி விபத்து அதில்தான். டேப்பைத் தாண்டினால் யாராக இருந்தாலும் "கட்" சொல்லலாம் என்று முதலிலேயே பேசிவையுங்கள்.

இனி டைமிங். கை ஓங்குவதற்கு முன் இருவர் கண்ணும் சந்திக்க வேண்டும். தம்பி தயார் என்று கண்ணில் தெரிந்த பிறகே கை ஓங்க வேண்டும். கை அவர் மூக்குக்கு நேரே வரும்போது தலை வலப்பக்கம் திரும்ப வேண்டும், கை போகும் திசையிலேயே. புதியவர்கள் பெரும்பாலும் கை வருவதற்கு முன்பே திரும்பிவிடுவார்கள். அடி வரப்போவது தெரிந்தவர் மாதிரி இருக்கும். இது எடிட்டிங்கில் சரியாகாது. தாமதமாகத் திரும்பினால் பரவாயில்லை, நடுவில் இரண்டு மூன்று ஃபிரேமை வெட்டிவிடலாம். கை வேகத்தில் கலங்கித் தெரிவதால் வெட்டு கண்ணில் படாது.

அண்ணன் பக்கத் தவறு வேறு. முகத்தருகே வந்ததும் பயத்தில் கையை நிறுத்திவிடுவார். நிற்கவே கூடாது, கை அவருடைய இடது தோள்வரை போய் முடிய வேண்டும். முதலில் கால்வாசி வேகத்தில் ஒத்திகை பாருங்கள், இருவரும் ஒரே வேகத்தில். ஒருவர் மெதுவாகவும் மற்றவர் வேகமாகவும் செய்தால் அந்த ஒத்திகையே ஆபத்து. எடுத்ததும் ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பாருங்கள். தலைக்கும் கைக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தால் கேமராவை ஒரு கை அகலம் நகர்த்தினால் போதும்.

மேடை நாடகத்தில் சத்தத்தையும் அங்கேயே உண்டாக்க வேண்டும். அடிவாங்குபவரோ அடிப்பவரோ பார்வையாளருக்குத் தெரியாமல் தட்டிக்கொள்வார்கள். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. படப்பிடிப்பு முடிந்ததும் அதே அறையில், ஒருவர் தன் முன்கையைத் தானே அறைந்து நாலைந்து விதமாகப் பதிவு செய்யட்டும். அறையின் எதிரொலியும் சேர்ந்து வருவதால் காட்சியோடு ஒட்டும். அந்த ஒலியைக் கை தலைக்குப் பின்னே மறையும் ஃபிரேமில் வையுங்கள். மூன்று நான்கு ஃபிரேம் தள்ளிப்போனாலே உதட்டசைவு தவறிய டப்பிங் படம்போல் ஆகிவிடும். பழைய படத்து 'டிஷ்யூம்' மட்டும் வேண்டாம். அது குத்துக்கு, அதுவும் வில்லனின் ஆட்களுக்கு.

அடுத்த ஷாட், தம்பியின் முகம் முன்பக்கத்திலிருந்து. அதில் அவர் மறுபடி தலையைத் திருப்பத் தொடங்கட்டும், திரும்பும் பாதியில் வெட்டி ஒட்டுங்கள். கன்னத்தில் லேசாகச் சிவப்பு பூசவேண்டும், இடது கன்னத்தில். மேக்கப் போடுகிறவர் செல்ஃபி கேமராவைப் பார்த்துப் பக்கத்தைக் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.